கமலத்தின் கழுத்தில் என்ன இருந்தது? நாவலில் நகையும் துணியும் பேசுவது பற்றி ஒரு சந்தேகம்

பட்டர்வொர்த் செல்வி

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது 1970, நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மண்டோர் முனியாண்டிக்குச் சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று வந்ததும் அவருடைய வேலை போய்விட்டது. மனைவி கமலம் இங்கேயே பிறந்தவள், நீல அட்டை. அவள் பால் வெட்டுவதால் லயத்து வீடு இன்னும் கையில் இருக்கிறது. நகைகளை ஒவ்வொன்றாக, யாருக்கும் தெரியாமல் அடகு வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறாள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஜார்ஜ்டவுனில் ஒரு கல்யாணம். முனியாண்டியின் தங்கை ராஜம்மாளின் மகளுக்கு. ராஜம்மாள் வசதியான கடைக்காரர் மனைவி. கமலத்தின் கஷ்டம் அந்தக் கல்யாணத்தில் வாசகருக்கு லேசாகத் தெரிய வேண்டும், யாரும் வாயால் சொல்லாமல். நான் எழுதியது இது:

"கமலம் மயில் கழுத்து நிறக் காஞ்சிபுரம் பட்டு உடுத்தியிருந்தாள். காதில் கல் தோடு, மூக்கில் பேசரி. ஆனால் கழுத்தில் தாலிக்கொடி இல்லை, மஞ்சள் கயிறுதான் இருந்தது. அவளுடைய வறுமை அதில் தெரிந்தது. ராஜம்மாள் காசுமாலை, ஒட்டியாணம், ஆறு ஜோடி வளையலுடன் செல்வச் செழிப்பாக நின்றாள்."

படித்த தோழி, "என்னடி, நகைக்கடை விளம்பரமா?" என்று கேட்டுவிட்டாள். கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது சரிதான். எங்கே தப்பு?

ஈப்போ ரோடு ராஜன்

பட்டியல்தான் தப்பு. ஒருவருக்கு ஒரு பொருள் போதும். முதலாளிக்கு ரோலெக்ஸ், ஏழைக்குக் கவரிங், பணக்காரப் பாட்டிக்குப் பாம்படம். வாசகர் டக்கென்று பிடித்துக்கொள்வார். அடகு பற்றி எழுதினால் விவரமும் சரியாக இருக்கட்டும்: மாதம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதத்தில் மீட்க வேண்டும். இதைச் சேர்த்தால் கதைக்கு ஒரு நம்பகத்தன்மை வரும்.

சுங்கை பட்டாணி தேவி

பாம்படம் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் அப்பாயியின் பாம்படம் ஒரு ஜோடி என்னிடம் இருக்கிறது. போன மாதம் கடையில் காட்டினேன். எடை நன்றாக வந்தது, ஆனால் உள்ளே அரக்கு இருக்கிறது, அதைக் கழித்துத்தான் விலை போடுவோம் என்றார்கள். அப்பாயி உயிரோடு இருந்தவரை "அஞ்சு பவுன், அஞ்சு பவுன்" என்று பெருமை பேசுவார். பாதிகூடத் தேறாது போல. பினாங்கு லிட்டில் இந்தியாவில் நியாயமாக எடுக்கிற கடை யாருக்காவது தெரியுமா?

பட்டர்வொர்த் செல்வி

தேவி அக்கா, நான் நாவல் பற்றிக் கேட்டேன்! ஆனாலும் அந்த அரக்கு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாமா?

சுங்கை பட்டாணி தேவி

எடுத்துக்கம்மா. கடை மட்டும் சொல்லு.

மீனா டீச்சர் (பிரிக்பீல்ட்ஸ்)

செல்வி, பட்டியலைக் குறைத்தாலும் உன் பத்தி சரியாகாது. ஒரே ஒரு மஞ்சள் கயிற்றை மட்டும் வைத்துவிட்டு "அவளுடைய வறுமை அதில் தெரிந்தது" என்று எழுதினாலும் அதே விளம்பரம்தான், சின்ன விளம்பரம். இங்கே பார்ப்பது யார்? கமலத்தைத் தலை முதல் கால் வரை பார்த்தது நீ. அந்த மண்டபத்தில் இருக்கிற ஒருத்தி பார்க்கட்டும்.

யார் பார்த்தால் என்ன தெரியும் என்று யோசி. கமலத்தின் எட்டு வயது மகள் பார்த்தால், அம்மா கழுத்து மஞ்சளாக இருக்கிறது, ரவிக்கை ஓரத்திலும் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான். ராஜம்மாள் பார்த்தால் அந்தக் கொடி எத்தனை பவுன் என்பதுவரை தெரியும், ஏனென்றால் அண்ணன் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவள். மாப்பிள்ளை வீட்டார் யாராவது பார்த்தால் ஒன்றுமே தெரியாது. புதுக் கயிறு கட்டிய சுமங்கலி, கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

நாவலில் ஒரு பொருள் சத்தமில்லாமல் பேச வேண்டுமானால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்க வேண்டும். ஊருக்குச் சொல்ல ஒரு வெள்ளைக் காரணம், அறிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற உண்மைக் காரணம். மஞ்சள் கயிறு அதற்கு அருமையான பொருள். கொடியை அடகு வைத்தவளும் தாலியைக் கயிற்றில் கோத்துக்கொள்வாள், ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றியவளும் அப்படித்தான் இருப்பாள். உன் கல்யாணம் எந்த மாதம்? ஆவணித் தொடக்கம் என்று வைத்தால், ஆடிப் பதினெட்டு போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. "பதினெட்டாம் பெருக்குக்கு மாத்துனேன், கொடியில இன்னும் கோக்கல" என்று கமலம் சொல்லலாம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. தை மாதம் இன்னொரு விசேஷத்துக்கு அதே கயிற்றோடு வந்தால் அந்தச் சாக்கு செல்லாது. அப்போது நீ ஒரு வார்த்தை கூடுதலாக எழுத வேண்டாம். கயிறு வெளுத்திருந்தது என்றால் போதும்.

ராஜன், ஆளுக்கு ஒரு பொருள் என்றீர்களே, அதில் பாதிதான் சரி. பட்டியல் வேண்டாம் என்பது சரி. ஆனால் ரோலெக்ஸ் என்றால் முதலாளி, கவரிங் என்றால் ஏழை என்று வைத்தால் அது தெருக்கூத்து வேஷம், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பாம்படத்துக்கும் பணத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அது திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து ஒரு தலைமுறைப் பெண்களுடைய காது. ஊரையும் வயதையும் சொல்லும். இன்னும் நுட்பமாக வேண்டுமானால் அவர்களுடைய மகள்களின் காதைப் பாருங்கள். சின்ன வயதில் வளர்த்த காதைப் பிறகு வெட்டித் தைத்து, தோடு போட்டுக்கொண்ட பெண்கள் நிறைய. மடலில் ஒரு தழும்புக் கோடு இருக்கும். டவுனுக்குக் குடிவந்து, தோட்டத்துப் பெண் என்று தெரியக்கூடாது என்று நினைக்கிற ஒருத்திக்கு அந்தக் கோடு எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் ராஜம்மாளுக்கே கொடுக்கலாம்.

அப்புறம் அந்த அடகு விவரம். நீங்கள் சொல்வது 1972 அடகுச் சட்டத்துக் கணக்கு. கதை 1970.

ஈப்போ ரோடு ராஜன்

ஒப்புக்கொள்கிறேன் டீச்சர், வருடத்தைக் கவனிக்கவில்லை. ஆனால் வாசகருக்கு வட்டி தெரியாமல் அடகின் பாரம் எப்படித் தெரியும்?

மீனா டீச்சர் (பிரிக்பீல்ட்ஸ்)

பழைய அடகுக் கடைகளில் வாசலை ஒட்டி உள்ளே ஒரு மறைப்புப் பலகை நிற்கும், உள்ளே இருப்பது யார் என்று ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாமல். கவுண்டர் ஆள் உயரத்துக்கு இருக்கும். கமலம் கையைத் தூக்கித்தான் நகையைக் கொடுக்க வேண்டும். வட்டியைவிட அந்தக் கை போதாதா? தேவி சொன்ன அரக்கையும் அங்கே வை, செல்வி. மாமியார் விட்டுப்போன பாம்படத்தைக் கொண்டுபோகிறாள், வீட்டில் எல்லாரும் ஐந்து பவுன் என்று நம்பிய பொருள்.

லயத்துக்காரன்

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். அம்மா பால் வெட்டியவர். எழுத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் சில விஷயம் இடிக்கிறது.

ஒன்று, யாருக்கும் தெரியாமல் அடகு வைக்கிறாள் என்பது. லயத்தில் இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு" என்பார்கள். கமலம் விடியற்காலை பெரட்டுக்கு வரும்போது காது தெரியும். தோடு போய்விட்டால் துவாரம் தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகிக்கொள்வார்கள். எங்கள் அம்மா காதில் அது எத்தனையோ மாதம் இருந்தது. தேங்காய் ஓலை ஈர்க்கை விரல் நகம் அளவுக்குக் கிள்ளிச் செருகுவது. யாரும் கேட்கமாட்டார்கள். பாதிப் பேர் காதில் அதே குச்சி.

இரண்டு, எல்லாவற்றையும் வைத்துவிட்டவள் கல்யாணத்துக்கு அந்தக் கோலத்தில் போகவே மாட்டாள். இரவல் வாங்குவாள். ஒரு வீட்டில் தோடு, ஒரு வீட்டில் சங்கிலி. எங்கள் லயத்தில் ஒரு அட்டியல் இருந்தது, அந்த வரிசையில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் அது போகும். போட்டோக்களை எடுத்துப் பார்த்தால் வேறு வேறு பெண்கள், ஒரே அட்டியல்.

மூன்று, முனியாண்டி பெண்ணுக்குத் தாய்மாமன். சீர் என்ன செய்தார்? ராஜம்மாள் கழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சீர்த் தட்டைத்தான் பார்ப்பாள். இதை விட்டுவிட்டால் தோட்டத்து ஆட்கள் யாரும் உங்கள் கதையை நம்பமாட்டார்கள்.

பட்டர்வொர்த் செல்வி

அண்ணே, தலையில் அடித்த மாதிரி இருக்கிறது. சீரை மறந்தே போனேன். எங்கள் அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டேன், அவரும் முதலில் அதைத்தான் கேட்டார்!

மீனா டீச்சர் (பிரிக்பீல்ட்ஸ்)

லயத்துக்காரரே, நான் சொன்னதை எல்லாம் நீங்கள் ஒரே பதிவில் ஓரங்கட்டிவிட்டீர்கள். சந்தோஷம்தான். இரவல் நகைதான் சரியான பொருள். மஞ்சள் கயிற்றை இல்லாமையின் அடையாளமாக வைத்தேன். இரவல் நகை இருப்பது போல நிற்கிறது, அதனால் இன்னும் ஆழம். செல்வி, ஈர்க்குச்சியை லயத்தில் வை, இரவலைக் கல்யாணத்தில் வை. அந்த இரண்டுக்கும் நடுவில் பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறுகிறாளே, அந்தப் பயணத்தில் குச்சியை எடுத்துவிட்டு இரவல் தோட்டைப் போடட்டும். பாலம் 1985-ல்தான் வந்தது, அதனால் உனக்குப் பெரி கட்டாயம். தோடு போடக் கண்ணாடி இல்லை. மகள் போட்டுவிடுகிறாள்.

ஆனால் எல்லாவற்றையும் இரவல் வாங்க முடியாது. சேலையை வாங்கலாம், ரவிக்கையை வாங்க முடியாது. ரவிக்கை ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தது. மயில் கழுத்துப் பட்டுக்குப் பொருத்தமில்லாத பழைய சிவப்பு ரவிக்கை ஒன்றே ராஜம்மாளுக்குப் போதும். அதற்கு மேல் அவள் கண் எங்கும் போக வேண்டாம்.

சூலியா தெரு நைனா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கதை எழுதுபவன் இல்லை, பினாங்கு சூலியா தெருவில் வளர்ந்தவன். நீங்கள் எல்லாரும் நகை இருந்தால் வசதி, இல்லாவிட்டால் கஷ்டம் என்றே பேசுகிறீர்கள். எங்கள் அத்தாவுக்கு இரண்டு கடை இருந்தது. சாகும்வரை கட்டம் போட்ட கைலி, கை வைத்த பனியன், பச்சை பெல்ட். பெல்ட் கிழிந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைப்பார். கடைக்கு வரும் புது ஆட்கள் அவரையே வேலையாள் என்று நினைத்து "முதலாளி எங்கே?" என்பார்கள். அவர் ஒரு நாளும் திருத்தியதில்லை. உள்ளே கையைக் காட்டிவிடுவார். உள்ளே இருப்பது கணக்கப்பிள்ளை, இஸ்திரி போட்ட சட்டையோடு.

மீனா டீச்சர் (பிரிக்பீல்ட்ஸ்)

நைனா, இது பெரிய விஷயம். அந்தக் காலத்து மலாயாவில் பணம் இருந்த இடத்தில் துணி எளிமையாக இருந்ததுதான் அதிகம். லெபோ அம்பாங்கிலும் பினாங்கு தெருவிலும் செட்டியார் கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். தரையில் பாய், முன்னால் ஒரு கைப்பெட்டி, இடுப்பில் வேட்டி, மேலே ஒன்றும் இல்லை. அவரிடம் கடன் கேட்டு வருகிற தோட்டத்துக் கிராணி எப்படி வருவார்? கஞ்சி போட்ட வெள்ளை டிரில், பாலீஷ் போட்ட சப்பாத்து, பையில் பேனா. துரைக்கு முன்னால் நிற்க வேண்டியவர், அந்த வெள்ளை அவருக்குச் சம்பளத்தோடு வந்த கட்டாயம். டோபி கணக்கே ஒரு பாரம். சட்டை இல்லாதவரிடம் சட்டை போட்டவர் கடன் வாங்குகிறார். யாருக்கு யாரிடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் துணியில் தெரிகிறது.

செல்வியின் கதையில் அப்படி நிரூபிக்க வேண்டியிருப்பது யாருக்கு? கமலத்துக்கு என்று நீ நினைக்கிறாய். எனக்கு ராஜம்மாள் மேல் சந்தேகம். ஆறு ஜோடி வளையல் எதற்கு? தைத்த காதை மறைக்கத்தானே?

லயத்துக்காரன்

டீச்சர், இது கொஞ்சம் அதிகம். மகள் கல்யாணத்தில் வளையல் போட்டதற்கெல்லாம் காரணம் தேடாதீர்கள். இருந்தது, போட்டாள்.

மீனா டீச்சர் (பிரிக்பீல்ட்ஸ்)

இருக்கலாம். செல்வி முடிவு செய்யட்டும்.

செராஸ் யாழினி

நான் உங்கள் எல்லாரையும்விடச் சின்னவள், 22 வயது. உண்மையைச் சொல்கிறேன்: ஈர்க்குச்சி என்றால் என்ன என்று இங்கே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் காது வலிக்கு ஏதோ வைத்தியம் என்று நினைத்தேன். மஞ்சள் கயிறும் எனக்குச் சாமி விஷயம் மட்டும்தான். ஆடிக்கும் ஆவணிக்கும் இருக்கும் இடைவெளியைக் கணக்குப் போட்டுப் படிக்க என்னால் முடியாது. இவ்வளவு அமைதியாக எழுதினால் என் வயதுக்காரர்களுக்கு ஒன்றுமே கேட்காது. ஒரு வரி விளக்கம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஈப்போ ரோடு ராஜன்

இதைத்தான் நானும் முதலில் சொன்னேன். டக்கென்று பிடிபட வேண்டும்.

மீனா டீச்சர் (பிரிக்பீல்ட்ஸ்)

யாழினி கேட்பது நியாயம், என்னிடம் முழுப் பதில் இல்லை. விளக்கம் போட்டால் பொருள் செத்துவிடும் என்பது என் பயம். ஒரு வழி உண்டு: கதையில் தெரியாத ஒருவரை வைப்பது. மகள்தான் இருக்கிறாளே. "அம்மா, ஏன் குச்சி?" என்று கேட்கட்டும், அம்மா வேறு பதில் சொல்லட்டும். குச்சி எதற்கு என்பது தெரியாவிட்டாலும், அம்மா மறைக்கிறாள் என்பது உனக்குத் தெரிந்துவிடும். ஆடி, ஆவணி கணக்கு பிடிபடாமல் போனால் போகட்டும். எல்லா வாசகருக்கும் எல்லாமும் கிடைக்க வேண்டும் என்று எழுதினால் மறுபடியும் நகைக்கடைதான்.

செராஸ் யாழினி

ம்ம். அந்தக் கேள்வி வந்தால் எனக்குப் போதும். ஆடிக் கணக்கு இன்னும் எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

பட்டர்வொர்த் செல்வி

நேற்று இரவு உட்கார்ந்து மறுபடியும் எழுதினேன். சேலை, ஒட்டியாணம், செழிப்பு எல்லாம் போய்விட்டது. பார்ப்பவள் ராஜம்மாள்.

"பெரியில் காற்று அடித்தது. கமலம் காதிலிருந்த குச்சியைப் பிடுங்கிக் கடலில் போட்டாள். 'ஏம்மா அந்தக் குச்சி?' என்றாள் சின்னவள். 'கொசு வராம இருக்க. தோட்டப் போட்டுவிடு, கை நடுங்காம.'

மண்டப வாசலில் ராஜம்மாள் சந்தனம் நீட்டினாள். 'வாங்க அண்ணி.' அண்ணன் கையிலிருந்த சீர்த் தட்டைப் பார்த்தாள். சேலை, பழம், வெற்றிலை, மோதிரம். மோதிரம் புதுசாக இல்லை. அண்ணன் விரலைப் பார்த்தாள். மோதிரம் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது. அவர் சட்டைப் பையை ஒரு முறை தொட்டுக்கொண்டார், அட்டை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

அண்ணி கழுத்தில் ஒரு அட்டியல். நல்ல அட்டியல், சிவப்புக் கல் வைத்தது. கொஞ்சம் பெரிது, அடிக்கடி சரிசெய்துகொண்டே இருந்தாள். ராஜம்மாள் அதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். 'அட்டியல் அழகா இருக்கு அண்ணி' என்றாள். 'எங்க அம்மா போட்டது' என்றாள் கமலம். கயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளாகவே, 'பெருக்குக்கு மாத்துனேன்' என்றாள்."

அட்டியல் பக்கத்து வீட்டு லெட்சுமியுடையது. எட்டாம் அத்தியாயத்தில் இது வெளிப்படும்.

மீனா டீச்சர் (பிரிக்பீல்ட்ஸ்)

அந்த விரல் எங்கிருந்து வந்தது? இங்கே யாரும் சொல்லவில்லையே. அதுதான் இந்தப் பத்தியின் உயிர். கேட்காமலே அவள் கயிற்றுக்குக் காரணம் சொல்வதும் நன்றாக இருக்கிறது. "எங்கேயோ பார்த்திருக்கிறாள்" மட்டும் கொஞ்சம் ஜாடை காட்டுகிறது. எடுத்துவிட்டுப் படித்துப் பார்.

பட்டர்வொர்த் செல்வி

எங்கள் அப்பாவின் விரல், டீச்சர்.

சூலியா தெரு நைனா

மாஷா அல்லாஹ். அண்ணன் சட்டைப் பையைத் தொடுகிற இடத்தில் எனக்கு என்னமோ செய்தது. எங்கள் சாச்சாவும் சிவப்பு அட்டைதான்.

லயத்துக்காரன்

நன்றாக வந்திருக்கிறது. ஒரு சிக்கல். உங்கள் பழைய அத்தியாயத்தை இங்கே போட்டபோது படித்தேன். அதில் அந்த லயத்திலிருந்து நான்கு குடும்பம் கல்யாணத்துக்கு வருகிறது. ராஜம்மாளும் அதே தோட்டத்தில் பிறந்தவள் என்றால் பக்கத்து வீட்டு லெட்சுமியைக் கூப்பிடாமல் இருக்கமாட்டாள். அவளும் மண்டபத்தில் இருப்பாளே? அவள் அட்டியல் கமலம் கழுத்தில் இருக்கிறதே?

பட்டர்வொர்த் செல்வி

ஐயோ! ஆமாம் அண்ணே. லெட்சுமிக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நிறுத்திவிடுகிறேன்.

மீனா டீச்சர் (பிரிக்பீல்ட்ஸ்)

நிறுத்தாதே. வரட்டும். வெறும் கழுத்தோடு வந்து, கமலத்துக்குப் பக்கத்துப் பந்தியில் உட்காரட்டும்.

லயத்துக்காரன்

கமலம் அட்டியல் நழுவும்போது அவள்தான் பின்னால் திருகாணியை இறுக்கிவிடுவாள்.

சுங்கை பட்டாணி தேவி

நல்லா இருக்கு. கடை யாரும் சொல்லலையே?